பாலமும் வாஷரும்

1993-ல் எங்கள் ஊராட்சிக்குத் தலைவர் கிடையாது. எங்களுக்கு மட்டுமல்ல, தமிழ்நாட்டில் எந்த ஊராட்சிக்கும் கிடையாது. 1986-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 1991-ல் முடிந்தது. அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 1996 அக்டோபரில்தான் நடந்தது. நடுவில் இருந்த வருஷங்களில் தனி அலுவலர்கள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பஞ்சாயத்து ராஜுக்காக அரசியல் சட்டத்தையே திருத்தியாகிவிட்டது, அது 1993 ஏப்ரல் 24-ல் அமலுக்கும் வந்துவிட்டது என்று சமூக அறிவியல் வாத்தியார் பாடம் நடத்தினார். சட்டம் வந்துவிட்டது, தலைவர்தான் வரவில்லை. ஆகவே திருப்பாலைவனம் வட்டாரத்தில் அந்த வருஷம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரே உள்ளூர்த் தலைவர் என் பெரியப்பா மகன். வயது பதினேழு. பதவி, பள்ளி மாணவர் தலைவர். எங்கள் வாயில் எஸ்.பி.எல்.

அது சேஷன் காலம். டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்து கட்சிக்காரர்களை மிரட்டிக்கொண்டிருந்ததால், ஓட்டு என்றாலே ஊரில் ஒரு மரியாதை. எங்கள் ஓவிய ஆசிரியர் தன்னையே சேஷனாக நியமித்துக்கொண்டு, சுவரில் கரியால் எழுதினால் வேட்புமனு தள்ளுபடி என்று அறிவித்தார். அதனால் பிரசாரம் காகிதத்துக்கு வந்தது. என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும். ஒன்பதாம் வகுப்பில் இருந்த நான் அண்ணனின் நோட்டீஸ் எழுத்தர் ஆனேன். அவர் சொல்லச் சொல்ல, கார்பன் பேப்பர் வைத்து மும்மூன்று படியாக எழுதுவேன். மூன்றாவது படியில் எழுத்து மங்கிப்போகும். அதை ஆறாம் வகுப்புக்குக் கொடுப்போம். அவர்கள் எப்படியும் கமர்கட்டுக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள் என்பது எங்கள் கணிப்பு.

அந்த நோட்டீஸில் இருந்தவை இன்னும் எனக்கு மனப்பாடம். முதலாவது, பழவேற்காட்டிலிருந்து லைட் அவுஸ் குப்பத்துக்குப் பாலம். அப்போது அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஏரியைப் படகில் கடந்துதான் பஸ் ஏற வேண்டும், காற்று அடித்தால் பள்ளிக்கூடம் இல்லை. இரண்டாவது, முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்து வைப்பது. மூன்றாவது, சத்துணவில் தினமும் முட்டை. நாலாவது, ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளெல்லாம் விடுமுறை. அஞ்சாவதாக என்ன போடலாம் என்று அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "கடல் அரிப்பைத் தடுப்போம்னு போட்டுக்கோ" என்றார்.

முகத்துவாரம் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பழவேற்காடு ஏரி உப்பும் நன்னீரும் கலந்த ஏரி. சில்காவுக்கு அடுத்து இந்தியாவில் இதுதான் பெரியது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் இருக்கும் வாய்தான் முகத்துவாரம். வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாற்று வெள்ளம் வந்து மோதி அதைத் திறக்கும். மழை நின்றதும் கரையோடு ஓடுகிற கடல் நீரோட்டம் மணலைக் கொண்டுவந்து கொட்டி மூடும். மூடிவிட்டால் கடல் தண்ணீர் உள்ளே வராது, அதோடு வரவேண்டிய இறால் குஞ்சும் வராது. உள்ளே நிற்கிற படகு கடலுக்குப் போக முடியாது. குப்பத்து ஆட்கள் சேர்ந்து மண்வெட்டியோடு போய் வெட்டிவிடுவார்கள், மணல் திரும்ப வந்து மூடும். இந்த வேலையைத்தான் அண்ணன் ஒரு வருஷப் பதவிக்காலத்தில், படிப்புக்கு இடையூறு இல்லாமல், முடிக்கப் போவதாகச் சொன்னார்.

அமோகமாக ஜெயித்தார். எதிர்த்து நின்ற பையன், பாவம், "பெல் அடித்தவுடன் வகுப்புக்கு வருவேன், மற்றவர்களையும் வரச் சொல்வேன்" என்று மட்டும் சொல்லியிருந்தான். டெபாசிட் என்று ஒன்று இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

ஜெயித்த அண்ணனுக்குக் கிடைத்த அதிகாரம் என்ன? காலையில் கடவுள் வாழ்த்துக்கு வரிசையைச் சரிபார்ப்பது, ஆசிரியர் வராத வகுப்பில் பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது, சுதந்திர தினத்தன்று கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பது. பாலம் கட்டுவது இந்தப் பட்டியலில் எங்குமே வரவில்லை. ஆனால் ராக்கெட் விஷயத்தில் அவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது. 1993 செப்டம்பர் 20, திங்கட்கிழமை காலை, முதல் பி.எஸ்.எல்.வி. புறப்பட்டது. ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் தடை வரும், ஆகவே அப்பாக்கள் எல்லாம் வீட்டில் இருந்தார்கள். தலைமையாசிரியர் முழுப் பள்ளியையும் மைதானத்துக்கு விட்டார். வடக்கே வானத்தில் வெள்ளையாக ஒரு கோடு எழும்பியது, சத்தம் பிறகு வந்து சேர்ந்தது. "பாத்தியா, சொன்னத செஞ்சேன்" என்று அண்ணன் ஒவ்வொரு வகுப்பாகப் போய்ச் சொன்னார். சாயந்திரச் செய்தியில் ராக்கெட் வங்கக் கடலில் விழுந்துவிட்டது என்றார்கள். அதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று அவர் உடனே அறிக்கை விட்டார்.

பின்னால் லைட் அவுஸ் குப்பத்துக்குப் பாலம் வந்தது. சத்துணவில் முட்டையும் வந்தது, வாரத்தில் ஐந்து நாளும் வந்தது. முகத்துவாரத்தை நிலைப்படுத்தக் கல்சுவர் போடுகிற வேலையையும் அரசு கையில் எடுத்தது. அண்ணன் இவை எல்லாவற்றையும் தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டிருக்கிறார். தாமதத்துக்குக் காரணம் நிதி நெருக்கடி.

இப்போது 2025. எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் 2019 கடைசியில் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு முடிந்துவிட்டது. அடுத்த தேர்தல் நடக்கவில்லை. வட்டார வளர்ச்சி அலுவலர் தனி அலுவலராக இருந்து கையெழுத்துப் போடுகிறார். முப்பத்திரண்டு வருஷம் சுற்றி அதே பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கிறோம். இந்த நேரம் பார்த்து என் அக்கா மகள், பிளஸ் டூ படிக்கிறவள், பக்கத்திலுள்ள ஒரு பள்ளியில் மாணவர் தலைவர் தேர்தலில் நிற்கிறாள். பள்ளியின் பெயர் வேண்டாம். அங்கே குழாய் ஒழுகுகிற கதை வரப்போகிறது, அது எங்கேதான் ஒழுகவில்லை.

காலம் மாறியிருக்கிறது என்பதற்கு முதல் அடையாளம், தேர்தலுக்கு இப்போது ஒரு சட்டகம் இருக்கிறது. 2024-25 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் 'மகிழ் முற்றம்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுவாகப் பிரித்து, தலைவர்கள், பொறுப்பாசிரியர்கள், மாணவர் பாராளுமன்றம் என்று ஓர் அமைப்பு. இவளுக்கு விழுந்தது குறிஞ்சி. ஏரிக்கரையில் பிறந்து, கடலைத் தவிர உயரமாக எதையும் பார்த்திராத பெண் குறிஞ்சித் திணைக்காரி ஆகிவிட்டாள். தொல்காப்பியர் கோபித்துக்கொள்ளலாம், அவளுக்குக் கவலையில்லை.

இரண்டாவது அடையாளம், அவளுடைய நோட்டீஸ். அவர்கள் பொறுப்பாசிரியை கல்லூரித் தேர்தலுக்கான லிங்டோ குழுவின் விதிகளைப் படித்தவர் போலிருக்கிறது. அந்தக் குழு 2006-ல் வேட்பாளருக்கு 5,000 ரூபாய்தான் செலவு வரம்பு, அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதியதுதான் ஒட்டலாம் என்றது. பள்ளிக்கூடத்துக்கு அது பொருந்தாது. ஆனாலும் ஆசிரியை 'கையால் மட்டும்' என்பதை எடுத்துக்கொண்டு, 5,000 ரூபாயைச் சுழியமாக்கிவிட்டார். ஒரு முழு வெள்ளைத் தாள், நீல ஸ்கெட்ச் பேனா. என் கையெழுத்து போலவே குண்டு குண்டாக இருந்தது. அதைக் கிட்டத்தட்ட அப்படியே தருகிறேன்:

"எல்லாருக்கும் வணக்கம். நான் பிளஸ் டூ, குறிஞ்சிக் குழு. காலையில் பழவேற்காட்டு பஸ்ஸிலிருந்து கடைசியாக இறங்கி ஓடுகிற ஆள் நான்தான், அதனால் நிறையப் பேருக்கு என் முதுகு தெரிந்திருக்கும். முகத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்லப்போவது நாலே விஷயம். தட்டுக் கழுவுகிற இடத்தில் ஒன்பது குழாய் இருக்கிறது, ஐந்துதான் வேலை செய்கிறது. ஆகஸ்டுக்குள் ஒன்பதும் வேலை செய்ய வைப்பேன். ஹெச்.எம். சாரிடம் கேட்டாயிற்று, சரி என்றார். குழாய் சரியாகும் வரைக்கும், சரியான பிறகும், மதியம் கழுவுவதற்குப் பாடு முறை வைப்போம். எப்படி என்று கீழே அட்டவணை இருக்கிறது. காலை பஸ்ஸை என்னால் மாற்ற முடியாது. ஆனால் எத்தனை நாள் லேட்டாக வருகிறது என்று எழுதி, பள்ளி மேலாண்மைக் குழு வழியாக டிப்போவுக்கு அனுப்ப முடியும். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவேன். நாலாவது, மாணவர் மனசு பெட்டி. அதில் யாரும் எதுவும் போடுவதில்லை, ஏனென்றால் அது ஆபீஸ் ரூம் வாசலில் இருக்கிறது. அதைத் தண்ணீர்த் தொட்டி பக்கம் மாற்றக் கேட்டிருக்கிறேன். இன்னும் அனுமதி வரவில்லை.

என்னால் முடியாதவை: வெள்ளிக்கிழமை கலர் டிரஸ், கேன்டீன், பரீட்சையைத் தள்ளிவைப்பது. கேட்டுப் பார்த்துவிட்டேன். எனக்கு ஓட்டுப் போடாவிட்டாலும் குழாயை இறுக்கி மூடுங்கள். நன்றி."

இதைப் படித்த அண்ணன் (அவருக்கு இப்போது ஐம்பது நெருங்குகிறது, ஒரு கட்சியில் ஏதோ பொறுப்பு) தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது இருக்குமோ என்று. "இன்னாம்மா இது? முடியாதுன்னு எழுதி எவனாவது ஓட்டு கேப்பானா?" என்றார்.

"கேட்டா தெரிஞ்சிடப் போவுது பெரிய மாமா. நானே சொல்லிட்டா அதப் பத்தி யாரும் கேக்க மாட்டாங்க" என்றாள்.

அவள் அந்த நாலு விஷயத்துக்கு வந்த வழியைத்தான் நான் சொல்ல விரும்புகிறேன். முதலில் அவளிடமும் ஒரு நீளப் பட்டியல் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் நேராக, இது யார் கையில் இருக்கிறது என்று எழுதிப் பார்த்திருக்கிறாள். கலர் டிரஸ் தலைமையாசிரியர் கையில், அவர் மாட்டேன் என்றார், அடித்துவிட்டாள். பஸ் நேரம் பணிமனைக் கிளை மேலாளர் கையில். பரீட்சை தேதி சென்னையில். தலைமையாசிரியரே "சரி" என்று சொல்லக்கூடியவற்றை மட்டும் வாக்குறுதியாகவும், மற்றதை 'கேட்பேன்' என்றும் பிரித்திருக்கிறாள். 'செய்வேன்', 'கேட்பேன்' இரண்டும் அந்த நோட்டீஸில் ஓரிடத்திலும் இடம் மாறி உட்காரவில்லை. எனக்குத் தெரிந்த பெரியவர்களின் தேர்தல் அறிக்கைகளில் இந்தச் சுத்தத்தை நான் பார்த்ததில்லை.

குழாய்க் கதைக்கு வருவோம். பழுதான நாலில் ஒன்று முழுக்க அடைத்துப்போனது, மூன்று மூடவே மூடாதவை. மூடாத மூன்றையும் குச்சி செருகித் துணி சுற்றிக் கட்டி வைத்திருந்தார்கள், அப்படியும் ஒழுகியது. எவ்வளவு ஒழுகுகிறது என்று இவள் ஒரு லிட்டர் பாட்டிலை அடியில் வைத்துப் பார்த்திருக்கிறாள். நாலு நிமிஷத்தில் நிறைந்தது. மணிக்குப் பதினைந்து லிட்டர், ஒரு நாளைக்கு முந்நூற்று அறுபது. மூன்று குழாய்க்கும் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம். பள்ளியின் மேல் நிற்கிற கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி ஆயிரம் லிட்டர். அதாவது தினம் ஒரு தொட்டித் தண்ணீர் யார் கையும் படாமல் சாக்கடைக்குப் போகிறது. மத்தியானம் இரண்டு மணிக்குக் கழிப்பறையில் தண்ணீர் நின்றுபோவதற்கு 'மோட்டார் சரியில்லை' என்றுதான் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மோட்டாரில் குறையே இல்லை. ராத்திரி நிரப்பி வைத்தது விடிவதற்குள் பாதி போய்விடுகிறது. சாயந்திரம் தொட்டியை நிரப்பிவிட்டுக் காலையில் மூடியைத் திறந்து பார்த்தால் போதும், தெரிந்துவிடும். வாட்ச்மேன் தாத்தாவிடம் சொல்லி அப்படித்தான் உறுதி செய்துகொண்டாள்.

ஏன் இந்தக் குழாய்கள் இவ்வளவு சீக்கிரம் போகின்றன? எங்கள் பக்கத்து நிலத்தடி நீர் உப்பு. குழாயின் உள்ளே ரப்பர் வாஷர் உட்காருகிற விளிம்பில் உப்புப் பொருக்குக் கட்டும். வாஷர் சமமாக உட்காராது, ஒழுகும். பிள்ளைகள் இன்னும் இறுக்கித் திருகுவார்கள், பொருக்கின் கூர்மை வாஷரை அறுத்துவிடும், இன்னும் ஒழுகும். கடைசியில் திருகாணியின் மரை தேய்ந்து குழாயே போய்விடும். வாஷர் அஞ்சு ரூபாய்ச் சாமான். அதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிப் பொருக்கைச் சுரண்டிவிட்டால் குழாய் பல வருஷம் வரும். விட்டுவிட்டால் குழாய் மாற்ற வேண்டும், ப்ளம்பர் கூலியும் கொடுக்க வேண்டும். ஆக அவள் கேட்டது இரண்டு புதுக் குழாய், ஒன்பது வாஷர், ஒரு டெஃப்லான் டேப். இரண்டு குழாய் ஏனென்றால் அடைத்துப்போனது ஒன்று, மரை தேய்ந்தது ஒன்று. மற்ற இரண்டும் வாஷரோடு பிழைத்துக்கொண்டன. வேலைக்குத் தெருவில் இருக்கும் ப்ளம்பர் அண்ணன். அவர் ஒரு தடவை செய்து காட்டினால், அடுத்த தடவை பிளஸ் ஒன் பிள்ளைகளே செய்துகொள்வார்கள் என்பது அவள் கணக்கு. நோட்டீஸில் இதையெல்லாம் எழுதவில்லை. எழுதியிருந்தால் ஒருவரும் படித்திருக்க மாட்டார்கள், அதுவும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்தது பாடு. இதில்தான் எனக்கு அவள் மேல் தனி மரியாதை வந்தது, ஏனென்றால் இது எங்கள் தாத்தாவின் சொத்து. பழவேற்காட்டைச் சுற்றியுள்ள கோட்டைக்குப்பம் போன்ற குப்பங்களில் ஏரியில் இறால் பிடிப்பதற்குப் பாடு என்று ஒரு முறை உண்டு. ஏரியில் எல்லா இடமும் ஒன்றல்ல. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் வலை கட்டினால் அள்ளலாம், உள்ளே போகப் போகக் குறையும். எல்லாரும் நல்ல இடத்துக்கு ஓடினால் வலை மேல் வலை விழும், மண்டை உடையும். ஆகவே பாடு உள்ளவர்களைக் குழுவாகப் பிரித்து முறை வைத்துவிடுவார்கள். இன்று உனக்கு இந்த இடம், நாளை எனக்கு. நல்ல இடமும் மோசமான இடமும் எல்லார் கைக்கும் சுற்றி வரும். யாருடைய முறை எப்போது என்பது முன்கூட்டியே ஊருக்குத் தெரியும், ஏமாற்ற முடியாது.

பள்ளியில் மத்தியானம் தட்டுக் கழுவ வருகிறவர்கள் முந்நூறு பேர். ஒரு தட்டுக்கு அரை நிமிஷம் என்றால் ஒரு குழாயில் நிமிஷத்துக்கு இரண்டு பேர். ஐந்து குழாய் இருக்கும்போது முந்நூறு பேருக்கு அரை மணி நேரம். சாப்பாட்டு நேரமே நாற்பது நிமிஷம். ஒன்பது குழாயும் ஓடினால் பதினேழு நிமிஷத்தில் முடியும், ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து விழாமல் இருந்தால்தான். அதனால் மூன்று பாடு. ஆறு ஏழு ஒன்று, எட்டு ஒன்பது ஒன்று, மற்றவர்கள் ஒன்று. எந்தப் பாடு முதலில் என்பது வாரா வாரம் மாறும். சின்னப் பிள்ளைகளுக்கே எப்போதும் முதலிடம் கொடுக்கலாமே என்று ஆசிரியை கேட்டாராம். "அப்ப பெரியவங்க மதிக்க மாட்டாங்க டீச்சர். கடைசிப் பாடு எப்பவும் நமக்குத்தான்னா எவனும் வரிசைல நிக்க மாட்டான். சுத்தி வந்தாதான் நிப்பான்" என்று சொல்லியிருக்கிறாள். தாத்தா எந்தப் புத்தகமும் படிக்காமல் இதைத்தான் சொல்வார், இன்னும் கொஞ்சம் கெட்ட வார்த்தை கலந்து.

ஆனால் பாட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. வேட்பாளர்கள் பேசுகிற கூட்டத்தில், எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து அதைச் சொல்லிவிட்டான். இருளர் வீட்டுப் பிள்ளை. அவன் வீட்டில் ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். "எங்க வூட்டுக்குப் பாடு கெடையாதேக்கா. பாடு இருக்கிற எடத்துல எங்கள வரக் கூடாதுன்னுவாங்க. இதுல நாங்க இருப்பமா?" உண்மைதான். பாடு பட்டினவர் குப்பங்களின் உரிமை, அதிலும் வழிவழியாக ஆண்களின் உரிமை. உள்ளே இருப்பவர்களுக்கு அது எவ்வளவு நியாயமோ, வெளியே நிற்பவர்களுக்கு அவ்வளவு மூடிய கதவு. தாத்தாவிடம் இதைக் கேட்டிருந்தால் பதில் வந்திருக்காது.

இவளுக்கும் மேடையில் உடனே பதில் வரவில்லை. "எல்லாரும் இருப்பாங்க" என்று ஒரு பொதுப் பதில் சொன்னாள், அது அவளுக்கே பிடிக்கவில்லை. அன்றைக்கு மாலை அந்தப் பையனைப் பிடித்து விசாரித்தால் விஷயம் வேறு விதத்தில் நிஜமாக இருந்தது. குழுப் பட்டியல் வருஷத் தொடக்கத்தில் எழுதப்பட்டது. மரம் வெட்டவும் செங்கல் சூளைக்கும் போய்விட்டு நடுவில் திரும்பி வருகிற குடும்பங்களின் பிள்ளைகள் அதில் இல்லை. அவர்களுக்கு ஐந்து திணையில் ஒன்றுகூட ஒதுக்கப்படவில்லை. யாரும் வேண்டுமென்று விடவில்லை, பட்டியலைத் திரும்ப எழுத யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். மறுநாள் நோட்டீஸின் அடியில் நீல மையில் ஒரு வரி கூடியிருந்தது: "ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை பட்டியலைத் திரும்ப எழுதுவோம். பெயர் இல்லாதவர்கள் எட்டாம் வகுப்பில் இவனிடம் சொல்லவும்." கீழே அவன் பெயர். எங்கள் 1993 நோட்டீஸில் கூட்டத்துக்குப் பிறகு எதுவும் திருத்தப்படவில்லை. எங்களை யாரும் கேள்வி கேட்டதாகவும் ஞாபகம் இல்லை.

பஸ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது இன்னும் முடியவில்லை. சீருடையில் இருந்தால் டிக்கெட் வேண்டாம் என்பதால் பழவேற்காட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் அரசு பஸ்தான். இரண்டு வண்டி. முதலாவது சீக்கிரம், காலி. இரண்டாவதில் தொங்குவார்கள், அதுவும் பத்துப் பள்ளி நாளில் ஆறு நாள் மணி அடித்த பிறகுதான் வந்து சேர்ந்தது. எல்லாரும் முதல் வண்டியைப் பிடித்தால் என்ன என்று கேட்கலாம். பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து நடந்து வருகிறவர்களுக்கு அது எட்டாது. இவள் 'அதிக கூட்டம், தயவுசெய்து ஆவன செய்யவும்' என்று எழுதவில்லை. அப்படி எழுதிய மனுக்களுக்கு ஒரு தனி அலமாரி இருக்கும். தேதி, வண்டி வந்த நேரம், ஏறியவர் எண்ணிக்கை என்று மூன்று பத்தி போட்டு, 'இரண்டாவது வண்டியைப் பத்து நிமிஷம் முன்னால் எடுத்தால் போதும்' என்று ஒரே ஒரு கோரிக்கை. மாணவி அனுப்பினால் கடிதம், மேலாண்மைக் குழு தீர்மானமாக அனுப்பினால் கோப்பு. கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்கள், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். அவர்கள் பிள்ளைகளும் அதே பஸ்ஸில்தான் தொங்குகின்றன. தீர்மானம் ஒரே கூட்டத்தில் நிறைவேறியது. பதில் வரவில்லை. 'பதில் வரவில்லை' என்று தேதியோடு பலகையில் ஒட்டியிருக்கிறாள். அக்டோபர் 2 கிராம சபையில் திரும்ப எழுப்பச் சொல்லி அம்மாக்களிடம் சொல்லி வைத்திருக்கிறாள். தலைவர் இல்லாத ஊராட்சி என்றாலும் கிராம சபை உண்டு.

தேர்தல் முடிவைச் சொல்லாமல் போனால் அண்ணன் கோபித்துக்கொள்வார். கணினி அறையில் லேப்டாப் வைத்து, படத்தைத் தொட்டால் 'பீப்' என்று கத்துகிற வாக்குப்பதிவு. ஜெயித்தது இவள் இல்லை. எதிர்த்து நின்ற பையன் வெள்ளிக்கிழமை கலர் டிரஸும் கிரிக்கெட் கிட்டும் வாங்கித் தருவதாகச் சொன்னான். இவள் இரண்டாவதாக வந்ததால் துணைத் தலைவர். "நான் அப்பவே சொன்னேன், பாலம் போட்டிருக்கணும்" என்றார் அண்ணன், ரொம்பத் திருப்தியாக. ஜனநாயகம் அதே இடத்தில்தான் இருக்கிறது என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி.

முதல் வாரமே புதுத் தலைவர் கலர் டிரஸுக்காகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனான், ஒரு நிமிஷத்தில் திரும்பி வந்தான். பிறகு செய்வதற்கு வேலை எதுவும் இல்லாததால் துணைத் தலைவரிடம் வந்து, "உன் லிஸ்ட்ட குடு" என்று கேட்டிருக்கிறான். நல்ல பையன். குழாய் வேலை நடந்தபோது ஸ்பேனர் பிடித்தது அவன்தான். வாஷர் மாற்றுவது இப்போது அவனுக்கு அவளைவிட நன்றாக வருகிறதாம். அதை அவள் கொஞ்சம் பொறாமையோடுதான் சொன்னாள்.

குழாய்க்குப் பணம் கொடுத்தது யார் என்றால், நம் அண்ணன்தான். 2024-ல் மேலாண்மைக் குழுக்களைத் திரும்ப அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் வைத்தார்கள். அண்ணனும் ஒரு நாற்காலி பிடித்திருந்தார். கூட்டத்தில் இந்தச் சின்னப் பட்டியல் வந்ததும், "இதெல்லாம் ஒரு செலவா, நான் பாத்துக்கறேன்" என்று எழுந்துவிட்டார். ப்ளம்பரும் சாமானும் மறுநாளே வந்தன. அதோடு நாலுக்கு மூன்று அடியில் ஒரு ஃப்ளெக்ஸும் வந்தது. அதில் அண்ணன் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். பின்னணியில் எதற்கோ ஒரு பாலம். அடியில் 'ஒன்பது குழாய்கள் உபயம்'.

"ரெண்டு குழாதான பெரிய மாமா" என்றாள் இவள்.

"மொத்தம் ஒம்போதும் ஓடுதா இல்லியா?"

"ஓடுது. ஃப்ளெக்ஸ் வேணாம் மாமா, ஹெச்.எம். உள்ள விட மாட்டாரு. ரசீது குடுங்க. வாங்குன சாமானுக்கெல்லாம் ரசீத போர்டுல ஒட்றேன்னு கூட்டத்துல சொல்லியிருக்கேன். உங்க பேரும் அதுல வரும்."

அண்ணன் சட்டைப் பையைத் தடவினார், பைக் பெட்டியைத் திறந்து பார்த்தார். கடைக்காரன் தெரிந்தவன், ரசீது போடாமல் வாங்கியிருக்கிறார். "அவ்ளோதான, நாளைக்கு வாங்கித் தரேன்" என்றார். இவள் கையில் இருந்த நோட்டில் தேதி போட்டு, 'ரசீது, பெரிய மாமா, நாளை' என்று எழுதிக்கொண்டாள்.